2-க்கும் x-க்கும் பொதுக் காரணி இல்லை, ஆனாலும் 1 கிடைப்பதில்லை

கேள்வி: Z[x]-இல் காரணிப்படுத்தல் ஒரே விதமாகத்தான் அமையும் என்று காஸ் லெம்மாவைக் கொண்டு வகுப்பில் நிறுவினார்கள். அடுத்த வகுப்பிலேயே (2, x) முதன்மை ஐடியல் இல்லை என்றார்கள். நிறுவலின் ஒவ்வொரு வரியும் புரிகிறது, ஆனால் இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பது புரியவில்லை. Z[√-5]-இல் முதன்மை அல்லாத ஐடியல் வந்ததே காரணிப்படுத்தல் கெட்டதால்தானே? இங்கேதான் எதுவும் கெடவில்லையே?

பதில்:

சிக்கல் உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. காரணிப்படுத்தல் கெட்டால்தான் முதன்மை அல்லாத ஐடியல் தோன்றும் என்பது ஒரு குறிப்பிட்ட வகை வளையங்களுக்கு மட்டுமே உண்மை. Z[√-5] அந்த வகையைச் சேர்ந்தது, Z[x] சேர்ந்ததன்று. பல ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியதில் நான் கண்டது, மாணவர்கள் Z[√-5]-ஐ முதலில் படித்துவிட்டு Z[x]-க்கு வரும்போது ஏறக்குறைய எல்லாரும் இந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்பதே. நிறுவல் உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்றாலும் அதை ஒருமுறை மெதுவாக எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் அதன் எந்த வரி எந்த வேலையைச் செய்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை ஒளிந்திருக்கிறது.

(2, x) என்பது 2f + xg என்ற வடிவில் எழுதக்கூடிய எல்லாப் பல்லுறுப்புக்கோவைகளின் தொகுப்பு. f, g இரண்டும் முழு எண் கெழுக்கள் கொண்டவை. xg-க்கு மாறிலி உறுப்பு கிடையாது, 2f-இன் மாறிலி உறுப்பு இரட்டைப்படை. ஆகவே இந்த ஐடியலில் உள்ள எந்தக் கோவையை எடுத்தாலும் அதன் மாறிலி உறுப்பு இரட்டைப்படையாக இருக்கும். மறுதலையாக, மாறிலி உறுப்பு இரட்டைப்படையாக உள்ள எந்தக் கோவையும் இதில் அடங்கும்: 6 + 5x - x³ என்பதை 2·3 + x(5 - x²) என்று எழுதிவிடலாம். x + 3 இதில் இல்லை. எல்லாக் கெழுக்களும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது (2) என்ற சிறிய ஐடியல். இங்கே மாறிலி உறுப்பின் மேல் மட்டும்தான் நிபந்தனை.

இனி, இது முதன்மை ஐடியல், அதாவது d என்ற ஒரே கோவையின் மடங்குகளாகவே இந்த ஐடியல் முழுவதும் அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 இந்த ஐடியலில் இருப்பதால் d ஆனது 2-ஐ வகுக்க வேண்டும். பெருக்கும்போது படிகள் கூடுவதால் d ஒரு மாறிலி. அதாவது 1, -1, 2, -2 ஆகிய நான்கில் ஒன்று. x-உம் ஐடியலில் இருப்பதால் d அதையும் வகுக்க வேண்டும். 2-இன் மடங்கான கோவையின் எல்லாக் கெழுக்களும் இரட்டைப்படை, x-இன் கெழுவோ 1. எனவே ±2 அடிபடுகிறது. எஞ்சுவது ±1. அப்படியானால் 1 இந்த ஐடியலில் இருக்க வேண்டும், ஆனால் 1-இன் மாறிலி உறுப்பு ஒற்றைப்படை. முரண்பாடு.

இதில் முதல் இரண்டு படிகளைக் கவனியுங்கள். அவை வகுபடுதலைப் பற்றி மட்டுமே பேசுகின்றன, அதாவது பெருக்கலைப் பற்றி மட்டுமே. அவை சொல்லும் செய்தி, 2-க்கும் x-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 1 என்பது. இதில் எந்தக் குறையும் இல்லை. காரணிப்படுத்தல் ஒழுங்காக உள்ள வளையத்தில் இரண்டு வெவ்வேறு பகா உறுப்புகளுக்கு அப்படித்தான் இருக்கும். முரண்பாடு மூன்றாவது படியில் மட்டுமே எழுகிறது, அந்தப் படியில்தான் முதன்முறையாகக் கூட்டல் உள்ளே வருகிறது: 2-இன் ஒரு மடங்கையும் x-இன் ஒரு மடங்கையும் கூட்டி 1-ஐப் பெற முடியுமா என்ற கேள்வி. 2f + xg = 1 என்பதில் x-க்குப் பதில் 0 இட்டால் 2f(0) = 1 என்று வருகிறது; f(0) முழு எண் என்பதால் அது நடக்காது.

ஆகவே காரணிப்படுத்தல் ஒரே விதமாக அமைவது என்பது பெருக்கலைப் பற்றிய கூற்று. ஐடியல்கள் எல்லாம் முதன்மை ஐடியல்களாக அமைவது என்பது பெருக்கலும் கூட்டலும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பற்றிய கூற்று. முதலாவது, எந்த இரண்டு உறுப்புகளுக்கும் மீ.பொ.வ. உண்டு என்று உறுதி தருகிறது. அந்த மீ.பொ.வ.வை அவ்விரு உறுப்புகளின் மடங்குகளைக் கூட்டியே பெறலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. முழு எண்களில் 9, 14 என்ற இரண்டுக்கும் மீ.பொ.வ. 1, அதை 2·14 - 3·9 என்று எழுதவும் முடிகிறது. பள்ளி நாள் முதல் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே பார்த்துப் பழகியதால் அவை ஒன்றே என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் இரண்டாவது செய்தி யூக்ளிடின் வகுத்தல் முறையிலிருந்து வருகிறது: மீதி எப்போதும் வகுத்தியைவிடச் சிறியதாக இருக்கும் என்பதிலிருந்து. Z[x]-இல் அந்த வகுத்தல் எப்போதும் நடப்பதில்லை. வகுக்கும் கோவையின் உயர்படி உறுப்பின் கெழு ±1 ஆக இருந்தால் சிக்கலே இல்லாமல் நடக்கும். x-ஐ 2-ஆல் வகுக்க முயன்றாலோ ஈவு x/2 ஆக இருக்க வேண்டும், அரை என்ற எண் இங்கே இல்லை. Q[x]-க்குப் போய்விட்டால் (1/2)·2 = 1, கதை அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியானால் வகுத்தல் முறை இல்லாத இடத்தில் ஒரே விதமான காரணிப்படுத்தல் எங்கிருந்து வந்தது? அது Q[x]-இலிருந்து கடன் வாங்கி வந்தது, கடன் வாங்க உதவுவதுதான் காஸ் 1801-இல் வெளியிட்ட லெம்மா. 6x² + 6x - 12 என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். கெழுக்களின் பொது வகுத்தியான 6-ஐ வெளியே எடுத்து 6(x² + x - 2) என்று எழுதுகிறோம். 6-ஐ முழு எண்களில் பிரிக்கிறோம், மீதமுள்ள கோவையை Q[x]-இல் பிரிக்கிறோம். கிடைப்பது 2·3·(x - 1)(x + 2). Q[x]-இல் பிரிக்கும்போது பின்னங்கள் நுழையக்கூடும், ஆனால் கெழுக்களுக்குப் பொதுக் காரணி இல்லாத இரண்டு கோவைகளின் பெருக்கற்பலனுக்கும் அவ்வாறே பொதுக் காரணி இராது என்று லெம்மா சொல்வதால், அந்தப் பின்னங்களை ஒரு காரணியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி முற்றிலும் நீக்கிவிடலாம். லெம்மாவின் நிறுவலும் ஒரு வரிதான்: பெருக்கற்பலனின் எல்லாக் கெழுக்களையும் ஒரு பகா எண் p வகுத்தால், கெழுக்களை மட்டு p-இல் பார்க்கும்போது பூச்சியம் அல்லாத இரண்டு கோவைகளின் பெருக்கற்பலன் பூச்சியமாகிவிடும், அது நடவாது.

இதே கடனைக் கூட்டலுக்கும் வாங்க முயன்று பாருங்கள், எங்கே உடைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். x, x + 2 என்ற இரண்டு கோவைகளை எடுப்போம். Q[x]-இல் (1/2)(x + 2) - (1/2)x = 1. பின்னங்களை நீக்க இரு பக்கமும் 2-ஆல் பெருக்கினால் (x + 2) - x = 2. பெருக்கற்பலன்களில் பின்னம் சுவடில்லாமல் மறைந்தது. இங்கே அது மறையவில்லை, வலப்பக்கத்தில் 2 என்ற எண்ணாக வந்து உட்கார்ந்துவிட்டது. (x, x + 2) என்ற ஐடியலும் (2, x) என்ற ஐடியலும் ஒன்றே என்பதையும் இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பின்னத்தைப் பெருக்கலிலிருந்து வெளியேற்ற முடியும், கூட்டலிலிருந்து முடியாது என்பதே Z[x]-இல் இந்த இரண்டு பண்புகளும் பிரிந்து போவதற்கான காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனி Z[√-5]. அங்கே (2, 1 + √-5) முதன்மை ஐடியல் இல்லை என்று நிறுவியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நிறுவலை மேலே எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வரிக்கு வரி அதேதான்: 2-ஐ வகுப்பவை ±1, ±2 மட்டுமே, ±2 ஆனது 1 + √-5-ஐ வகுக்காது, எஞ்சும் 1 ஐடியலில் இல்லை. நிறுவல் ஒன்றாக இருந்தும் பின்னணி வேறு. அங்கே 6 = 2·3 = (1 + √-5)(1 - √-5). 2 என்பது மேலும் பிரிக்க இயலாத உறுப்புதான், ஆனால் பகா உறுப்பு அன்று. ஒரு பெருக்கற்பலனை வகுத்துக்கொண்டே அதன் காரணிகள் எதையும் வகுக்காமல் நிற்கிறது. கும்மரும் பின்னர் டெடெகிண்டும் இதைச் சரிசெய்த விதம், 2-க்குள் ஒளிந்திருக்கும் ஆனால் அந்த வளையத்தில் எண்ணாக இல்லாத ஒரு காரணியின் இடத்தில் ஐடியலை வைப்பது. (2, 1 + √-5) அப்படிப்பட்ட ஒரு பதிலி. அதை வர்க்கப்படுத்தினால் 4, 2 + 2√-5, -4 + 2√-5 ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. நடுவில் உள்ளதிலிருந்து கடைசியைக் கழித்தால் 6, அதிலிருந்து 4-ஐக் கழித்தால் 2. மூன்றுமே 2-இன் மடங்குகளாகவும் இருப்பதால் வர்க்கம் சரியாக (2). இல்லாத எண்ணின் வர்க்கம் 2 என்று வாசிக்கலாம்.

Z[x]-இல் இல்லாத எண் என்று எதுவும் இல்லை. 2 அங்கே உண்மையான பகா உறுப்பு, x-உம் அப்படியே. (2, x) எதன் பதிலியும் அன்று. அது (2), (x) என்ற இரண்டு பகா ஐடியல்களையும் தன்னுள் அடக்கி, அவற்றுக்கு ஒரு படி மேலே இருக்கிறது. பூச்சியத்திலிருந்து தொடங்கி (2) வழியாக (2, x)-க்கு ஏறலாம், (x) வழியாகவும் ஏறலாம். இந்த ஏற்றம் இருந்தாலே முதன்மை ஐடியலாக இருக்க முடியாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. ஒரு பகா ஐடியல் d என்ற ஒரே உறுப்பால் பிறந்தால் d தானே ஒரு பகா உறுப்பு. அந்த ஐடியலில் p என்ற இன்னொரு பகா உறுப்பு இருந்தால் d அதை வகுக்க வேண்டும், ஆகவே குறி போன்ற அற்ப வேறுபாடு தவிர p-உம் d-உம் ஒன்றே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 2, x என்ற இரண்டு பகா உறுப்புகள் ஒரே முதன்மைப் பகா ஐடியலுக்குள் இருக்க இடமில்லை. இந்த வாதம் காரணிப்படுத்தல் கெட்டதைப் பயன்படுத்தவில்லை என்பது மட்டுமன்று, 2-உம் x-உம் நல்ல பகா உறுப்புகளாக இருப்பதையே பயன்படுத்துகிறது.

வடிவியல் கண்ணோட்டம் பிடித்தவர்களுக்கு: C[x, y]-இல் (x, y) என்ற ஐடியலும் இதே நிலையில்தான் இருக்கிறது. சிக்கலெண்கள் மேல் ஒரே ஒரு சமன்பாடு தளத்தில் ஒரு வளைகோட்டை வெட்டித் தரும், ஒற்றைப் புள்ளியை ஒருபோதும் தராது. ஆதிப்புள்ளியைப் பிடிக்க இரண்டு வளைகோடுகள் சந்திக்க வேண்டும். x² + y² = 0 ஒரு புள்ளிதானே என்று கேட்பீர்கள்; மெய்யெண்களில் அப்படித் தோன்றுகிறது, சிக்கலெண்களில் அது (x + iy)(x - iy) = 0 என்ற இரண்டு நேர்கோடுகள். Z[x]-இல் 2 என்ற எண்ணையும் ஒரு வளைகோடாக எண்ணிக்கொண்டால், (2, x) அது x = 0-ஐச் சந்திக்கும் புள்ளி. இது மனத்தில் வைத்துக்கொள்ள உதவும் படம்தான், மேலே எழுதிய நிறுவலுக்கு மாற்றன்று.

இரண்டு வளையங்களின் வேறுபாட்டை அடுக்குகள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. Z[√-5]-இல் வர்க்கப்படுத்தியதும் ஐடியல் முதன்மையாகிவிட்டது. (2, x)-இன் வர்க்கமோ (4, 2x, x²), அதற்கு மூன்று உறுப்புகள் தேவை, இரண்டு போதாது. இதைச் சரிபார்ப்பது கடினமன்று. இந்த வர்க்கத்தில் உள்ள கோவைகள் மாறிலி உறுப்பு 4-ஆலும் x-இன் கெழு 2-ஆலும் வகுபடுபவை. x²-உம் அதற்கு மேலும் உள்ள உறுப்புகளுக்கு நிபந்தனை எதுவும் இல்லை. மாறிலி உறுப்பை 4-ஆலும், x-இன் கெழுவை 2-ஆலும் வகுத்து, x²-இன் கெழுவை அப்படியே வைத்து, மூன்றும் ஒற்றையா இரட்டையா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோவைக்கும் 0, 1 ஆகியவற்றால் ஆன ஒரு மும்மை கிடைக்கும். 4-க்கு (1, 0, 0), 2x-க்கு (0, 1, 0), x²-க்கு (0, 0, 1). இரண்டு கோவைகளைக் கூட்டினால் மும்மைகளும் கூடும். ஒரு கோவையை h என்ற எந்தக் கோவையால் பெருக்கினாலும், h-இன் மாறிலி உறுப்பு ஒற்றைப்படையானால் மும்மை மாறாது, இரட்டைப்படையானால் மூன்றும் 0 ஆகிவிடும். h-இன் மற்ற கெழுக்கள் சேர்க்கும் பங்கு ஒவ்வொரு இடத்திலும் ஓர் இரட்டைப்படை எண் மட்டுமே. எனவே இரண்டு கோவைகளை வைத்துக்கொண்டு பெறக்கூடிய மும்மைகள் அதிகபட்சம் நான்கு. ஆனால் வர்க்கத்தில் எட்டு மும்மைகளும் தோன்றுகின்றன. ஆகவே இரண்டு போதாது. இதே கணக்கை n-ஆம் அடுக்குக்குச் செய்தால் குறைந்தது n + 1 உறுப்புகள் தேவை என்று வரும், 2ⁿ-இல் தொடங்கி xⁿ-இல் முடியும் n + 1 உறுப்புகள் போதும் என்பதும் வெளிப்படை. Z[x]-இன் ஒவ்வோர் ஐடியலுக்கும் முடிவுள்ள எண்ணிக்கையில் உறுப்புகள் போதும் என்பதை ஹில்பெர்ட் 1890-இல் வெளியிட்ட தேற்றம் உறுதி செய்கிறது. ஆனால் எல்லா ஐடியல்களுக்கும் பொதுவான உச்சவரம்பு எதுவும் இல்லை என்பதை இந்த அடுக்குகள் காட்டிவிடுகின்றன. Z[√-5] அடங்கும் வகையான டெடெகிண்டின் வளையங்களில் எந்த ஐடியலுக்கும் இரண்டு உறுப்புகள் போதும்.

இதன் பின் உங்கள் பழைய உள்ளுணர்வின் எல்லையைத் துல்லியமாகச் சொல்லலாம். காரணிப்படுத்தல் ஒரே விதமாக அமைந்து, அதோடு பூச்சியம் அல்லாத எந்தப் பகா ஐடியலுக்கு மேலும் இன்னொரு பகா ஐடியல் இல்லாதிருந்தால், எல்லா ஐடியல்களும் முதன்மை ஐடியல்களே. இது நிறுவப்பட்ட தேற்றம். Z[√-5] போன்ற இயற்கணித முழு எண் வளையங்களில் இரண்டாவது நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுவதால் அங்கே இரண்டு பண்புகளும் சேர்ந்தே இருக்கும் அல்லது சேர்ந்தே இல்லாமல் போகும். Z[x]-இல் அந்த இரண்டாவது நிபந்தனைதான் இல்லை. உங்கள் வகுப்பில் எந்த வரிசையில் பாடம் சென்றது என்பது எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியை வைத்துப் பார்த்தால் இந்த நிபந்தனை வாய்விட்டுச் சொல்லப்படாமல் நழுவியிருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு தவறான முடிவுக்கும் நீங்கள் போய்விடக் கூடாது. Z[x]-இல் பொதுக் காரணி இல்லாத இரண்டு கோவைகள் எப்போதுமே 1-ஐத் தராது என்று இதற்குப் பொருளன்று. 2-உம் 2x + 1-உம் தருகின்றன: (2x + 1) - x·2 = 1. ஒரு பகா எண் p-உம் ஒரு கோவை f-உம் என்றால் முழு விடையும் எளிது. f-இன் கெழுக்களை மட்டு p-இல் பாருங்கள். எல்லாம் பூச்சியமானால் ஐடியல் (p). பூச்சியம் அல்லாத மாறிலி மட்டும் எஞ்சினால் ஐடியல் முழு வளையம். இரண்டும் இல்லையென்றால், அதாவது x உள்ள ஓர் உறுப்பாவது எஞ்சினால், அது முதன்மை ஐடியல் அன்று. p-ஐ வகுப்பவை ±1, ±p மட்டுமே என்பதால் இது தவறாது. (3, x² + 1), (2, x² + x + 1) இரண்டும் மூன்றாவது வகை.

இரண்டில் எதுவுமே பகா எண்ணாக இல்லாதபோது இன்னும் ஒரு படி வேண்டும். முதலில் மீ.பொ.வ.வை இரண்டிலிருந்தும் வெளியே எடுத்துவிடுங்கள். காரணிப்படுத்தல் ஒழுங்காக இருப்பதன் பயன் இங்கே கிடைக்கிறது, ஏனென்றால் ஐடியல் முதன்மையானால் அதைப் பிறப்பிப்பது அந்த மீ.பொ.வ. தவிர வேறொன்றாக இருக்க முடியாது. (4, 2x) என்பது 2-ஐ (2, x)-ஆல் பெருக்கியது, ஆகவே முதன்மை அன்று. மீ.பொ.வ. 1 ஆன பின் Q[x]-இல் 1-ஐப் பெற்று, பின்னங்களை நீக்கி, ஐடியலில் உள்ள ஒரு முழு எண் n-ஐக் கண்டுபிடியுங்கள். n-ஐ வகுக்கும் ஒவ்வொரு பகா எண் p-க்கும், இரண்டு கோவைகளும் மட்டு p-இல் பொதுக் காரணி கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு p-க்காவது இருந்தால் 1 கிடைக்காது, எதற்கும் இல்லையென்றால் கிடைக்கும். இந்த வழி இரண்டு உறுப்புகளால் பிறக்கும் ஐடியல்களுக்கு. மூன்று, நான்கு உறுப்புகள் இருந்தால் ஒவ்வொரு சோடியையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்ய இயலாது, எல்லாவற்றையும் சேர்த்தே மட்டு p-இல் பார்க்க வேண்டும்.

மேலோட்டமாக ஒரே மாதிரி தோன்றும் இரண்டு சோடிகளில் இதைச் செய்து பார்க்கலாம்: முதலாவது x, x + 4, இரண்டாவது 2x + 1, 2x + 5. இரண்டிலும் வித்தியாசம் 4, ஆகவே இரண்டு ஐடியல்களிலும் 4 இருக்கிறது, பார்க்க வேண்டிய பகா எண் 2 மட்டுமே. முதல் சோடி மட்டு 2-இல் x, x என்று ஆகிறது. x பொதுக் காரணி, எனவே 1 கிடைக்காது, ஐடியல் முதன்மை அன்று. இரண்டாவது சோடி மட்டு 2-இல் 1, 1 என்று ஆகிறது. பொதுக் காரணி இல்லை, எனவே 1 கிடைத்தாக வேண்டும். எங்கே என்று தேடினால், (1 - 2x)(1 + 2x) = 1 - 4x² என்பது கைகொடுக்கிறது: 4-ஐ (2x + 5) - (2x + 1) என்று எழுதி x²-ஆல் பெருக்கிக் கூட்டினால், x²(2x + 5) + (1 - 2x - x²)(2x + 1) = 1. விரித்துப் பாருங்கள், x³, x², x எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.